ரீசெட் ஊசியைக் கீழே வையுங்கள்

வீட்டு மெஷ் வைஃபையில், மெயின் யூனிட்டின் சிக்னலை வாங்கித் தூரத்து அறைகளுக்கு அனுப்புகிற துணைப் பெட்டியான நோட் ஒன்று ஆஃப்லைன் ஆகிவிட்டது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ரீசெட் பண்ணி, மெயின் யூனிட்டோட திரும்பச் சேத்துருங்க. கஸ்டமர் கேரில் அதைத்தான் சொல்கிறார்கள், வீடியோ போடுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பதிலோடு நெடுநாளாக ஒரு சண்டை உண்டு. ரீசெட் தப்பான வேலை இல்லை, கடைசியில் செய்யவேண்டிய வேலை. அதை முதலில் செய்தால், இருக்கிற கோளாறோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். நேற்றுவரை மெயின் யூனிட்டைத் தெரிந்துவைத்திருந்த நோட் இப்போது எதுவும் தெரியாத புதுப் பெட்டியாக நிற்கும். அது ஏன் பேசவில்லை என்று பார்க்கும்போது பழைய காரணத்தால் பேசவில்லையா, சேர்க்காததால் பேசவில்லையா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

இது வெறும் அபிப்பிராயமாக மனசுக்குள்ளேயே இருந்தது. எழுதவேண்டும் என்று தோன்றியது மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகுதான்.

அந்தப் பக்கத்து பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் பட்டாசாலை, நடுவில் முற்றம், பின்னால் அடுப்படி. ஒன்றரை அடி கனத்துக்குச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். முற்றத்தை ஒட்டி மாடிப்படி, மேலே பிற்காலத்தில் கான்கிரீட் போட்டு எடுத்த ஒரு அறை. ஃபைபர் லைன் பட்டாசாலையில் வந்து இறங்குகிறது, மெயின் யூனிட்டும் அங்கேதான். மாடி அறையில் அண்ணன் மகன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறான். அவனுக்காகத்தான் இரண்டாவது நோட் வாங்கி மாடி ஜன்னல் திண்டில் வைத்திருந்தார்கள், அதுவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அதற்காக எல்லா வயரையும் உருவிப்போட்டு, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள். அன்றிலிருந்து மாடி நோட் ஆஃப்லைன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பையன் வேலையை ஆரம்பித்துவிட்டான். "சித்தப்பா, ஊசியை வச்சு ரீசெட் பண்ணிட்டேன். லைட்டு எரியுது, மினுக்குது, ஆனா ஆப்ல வரவே மாட்டேங்குது. மெயினையும் ஒருதடவ ரீசெட் போட்டுப் பாத்துரலாமா?" அதை மட்டும் செய்யாதே என்று கையைப் பிடித்தேன். மெயின் யூனிட்டை ரீசெட் செய்தால் நெட் கம்பெனி கொடுத்த யூசர் ஐடி, பாஸ்வேர்டு, வைஃபை பெயர், ஏற்கனவே சேர்த்த நோட்கள் எல்லாம் போய்விடும். அந்த யூசர் ஐடி எழுதிய காகிதத்தை எந்த வீட்டிலும் பத்திரமாக வைத்திருப்பதில்லை. அப்புறம் மாடிக்கு மட்டும் இல்லாத நெட் வீட்டுக்கே இல்லாமல் போய்விடும்.

லைட் எரிகிறது என்பதை நம்பாதீர்கள்

நோட்டை ஜன்னல் திண்டிலேயே வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் அதன் லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த நிறம் எதைக் குறிக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அது இங்கே முக்கியமில்லை. முதலில் ஒரு நிறத்தில் நின்று எரிந்தது. அப்புறம் மினுக்க ஆரம்பித்தது. ஒரு நிமிடம் போல ஆனதும் சட்டென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து அதே வரிசையில் எரிந்தது. பையன் அதைத்தான் 'மெயினைத் தேடுகிறது' என்று நினைத்திருந்தான். தேடுகிற நோட் ஒரே மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கும். திரும்பத் திரும்ப முதல் லைட்டுக்கே போகிறதென்றால் அது தேடவில்லை, செத்துச் செத்துப் பிழைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஐந்து நிமிடம் பொறுமையாக லைட்டைப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

இந்த மாதிரி நோட்டுக்குள் நடப்பது இதுதான். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ப்ராசசர் மட்டும் விழிக்கும். அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், அதனால் லைட் எரியும். அதற்குப் பிறகுதான் வைஃபை ரேடியோக்கள் எழுந்து சிக்னலை வெளியே அனுப்பத் தொடங்கும். கரண்ட் அதிகமாக இழுப்பது அப்போதுதான். தெருவில் மாவு மில் மோட்டார் போட்டதும் பக்கத்து வீட்டு பல்பு மங்குகிற மாதிரி, அந்த நேரத்தில் அடாப்டரால் தாங்க முடியாவிட்டால் வோல்டேஜ் சரியும், நோட் அணைந்து மறுபடி எழும்.

அடாப்டரைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் அவுட்புட் 12 வோல்ட் 0.5 ஆம்பியர் என்று இருந்தது. நோட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட் 1.5 ஆம்பியர். அதாவது 18 வாட் வரை கேட்கக்கூடிய பெட்டிக்கு 6 வாட் தரக்கூடிய அடாப்டரை மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இதன் சொந்த அடாப்டர் எங்கே? கீழே போய்ப் பார்த்தால் பட்டாசாலையில் ஃபைபர் பெட்டிக்கு மாட்டியிருந்தது. பெயிண்ட் வேலை முடிந்து மாட்டும்போது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டும் கறுப்பு, இரண்டும் 12 வோல்ட், பின்னும் ஒரே அளவு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஃபைபர் பெட்டிக்குத் தேவை அரை ஆம்பியர்தான். கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டரை மாட்டினால் அது தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொண்டு பேசாமல் ஓடும். அதனால் கீழே எந்தப் புகாரும் இல்லை, மாடியில் மட்டும் புகார். வோல்ட் ஒன்றாக இருக்கவேண்டும், ஆம்பியர் ஸ்டிக்கரில் உள்ளதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. வட்டத்துக்குள் புள்ளி வைத்த படத்தில் பிளஸ் நடுவில் இருக்கிறதா என்பதையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பையனுக்குத் திருப்தியில்லை. "மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன் சித்தப்பா, 12 வோல்ட் கரெக்டா காட்டுச்சு." காட்டத்தான் செய்யும். சும்மா தொங்குகிற அடாப்டரில் மீட்டர் வைத்தால் சொத்தையும் 12 காட்டும். சுமை ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. கேமரா வேலைக்குப் போகிறவர்கள் பையில் டிசி பின்கள் எப்போதும் கிடக்கும்: பச்சைப் பட்டையும் இரண்டு ஸ்க்ரூவும் வைத்த ஆண் பின் ஒன்று, பெண் பின் ஒன்று. பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று இரண்டையும் இணைத்து அடாப்டருக்கும் நோட்டுக்கும் நடுவில் மாட்டினால், நோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்க்ரூ தலையில் மீட்டர் முனையை வைத்து அளக்கலாம். வைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் 12.1. கொஞ்ச நேரம் 11.8. மினுக்கல் ஆரம்பித்ததும் எண் ஆடத் தொடங்கியது: 11.2, 10.4, அப்புறம் லைட் அணைந்தது, மறுபடி 12.1. சாதாரண மீட்டர் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும். அது 10.4 காட்டுகிறதென்றால் நொடிக்குள் நடக்கிற உண்மையான சரிவு அதைவிட ஆழமாகவே இருக்கும். நோட்டின் சொந்த அடாப்டரைக் கொண்டுவந்து அதே பின் வழியாக மாட்டினோம். 11.9க்குக் கீழே இறங்கவில்லை, லைட்டும் திரும்ப முதல் வரிசைக்குப் போகவில்லை.

அடாப்டர் மாறவே இல்லை, வாங்கியபோது வந்த அதேதான் என்றாலும் இந்தச் சோதனை தேவைப்படும். ஆண்டுக்கணக்கில் சூட்டிலேயே ஓடும் அடாப்டருக்குள் மின்தேக்கிகள் உலர்ந்துபோகும். லேபிளில் 1.5 ஆம்பியர் என்று இருக்கும், உள்ளே அவ்வளவு சத்து இருக்காது. மதுரை மே மாத வெயிலில் மொட்டைமாடி அறையில் இருக்கிற அடாப்டர்கள் கீழே இருப்பதைவிடச் சீக்கிரம் சொத்தையாவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். டிசி பின் இல்லையென்றால் பரவாயில்லை. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டரை யாரிடமாவது வாங்கி ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். மினி யுபிஎஸ் வழியாக ஓடுகிற நோட் என்றால் யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பார்க்கவேண்டும். மலிவான சில மினி யுபிஎஸ்களில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, பேட்டரி இறங்க இறங்க வெளியே வருகிற வோல்டேஜும் இறங்கும். நோட் கரண்ட் கட்டின்போது மட்டும் விழுகிறது என்றால் சந்தேகம் அங்கே போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் போய் வந்த உடனே ஆப்பைத் திறந்து நோட் ஆஃப்லைன் என்று பதறுகிறவர்கள் உண்டு. மெயின் யூனிட் முழுசாக எழவே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்கிற சேனலில் அது ஓடினால், அனுப்பத் தொடங்கும் முன் குறைந்தது 60 நொடி ரேடார் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகுதான் நோட் வந்து ஒட்டும். ஒரு பத்து நிமிடம் விட்டுப் பிடியுங்கள்.

பழைய பெயரை அழித்துவிட்டுச் சேருங்கள்

பையன் ஏற்கனவே ரீசெட் செய்துவிட்டதால் சேர்த்தே ஆகவேண்டும். அதை மாடியில் வைத்துச் செய்யவில்லை. நோட்டையும் அதன் அடாப்டரையும் கீழே கொண்டுவந்து, மெயின் யூனிட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டூலில் வைத்தோம். சேர்க்கிற வேலை நடக்கும்போது சிக்னல் சந்தேகம் எதுவும் இடையில் வரக்கூடாது, அதற்காகத்தான் இந்த இறக்கம்.

ஆப்பில் மாடி நோட்டின் பழைய பெயர் ஆஃப்லைன் என்று சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டே புதிதாகச் சேர்க்கப் பார்த்தால் பல மாடல்களில் பாதியில் நின்றுவிடும். மெயின் யூனிட் அந்தப் பெட்டியை அதன் அடையாள எண்ணான மேக் முகவரியோடும் ஒரு ரகசியச் சாவியோடும் நினைவில் வைத்திருக்கிறது. ரீசெட் ஆன நோட் தன் பக்கத்துச் சாவியைத் தொலைத்துவிட்டது. ஒருபக்கம் மட்டும் பழைய கணக்கை வைத்துக்கொண்டு நின்றால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் முதலில் ஆப்பில் அந்தப் பெயரைத் திறந்து நீக்கினோம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: நோட் அணைந்து கிடக்கும்போது ஆப்பில் மட்டும் நீக்கிவிட்டால், அந்தச் செய்தி நோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அது பழைய சாவியோடேயே எழும், அப்போது அதற்கும் ஊசி வைக்கவேண்டும். ஆக இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால்தான் சேரும்.

அப்புறம் நோட்டை ரீசெட் செய்தோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசியால் அழுத்தி, லைட் நிறம் மாறும்வரை விடக்கூடாது. பெரும்பாலும் பத்து நொடிக்குள் மாறும். பையன் முன்பு செய்த ரீசெட், பெட்டி பாதி உயிரோடு இருந்தபோது செய்தது, அது முழுசாக நடந்ததா என்பதே சந்தேகம். அதனால்தான் இன்னொரு முறை. லைட் சேர்க்கத் தயார் என்ற நிலைக்கு வந்த பிறகு, போனை மெயின் யூனிட்டின் வைஃபையிலேயே வைத்து, ப்ளூடூத்தையும் லொகேஷனையும் போட்டு, ஆப்பில் புது நோட் சேர்க்கும் இடத்துக்குப் போனோம். லொகேஷன் எதற்கு என்று பையன் முறைத்தான். பக்கத்தில் என்னென்ன வைஃபை, ப்ளூடூத் இருக்கிறது என்று தேடுவதற்கு ஆண்ட்ராய்டு பல வெர்ஷன்களில் அந்த அனுமதியைக் கேட்கிறது. அது அணைந்திருந்தால் கண்முன்னால் இருக்கிற நோட்டைக்கூட ஆப் காணோம் என்று சொல்லும். சேர்ந்ததும் சாஃப்ட்வேர் அப்டேட் ஓடியது. அது முடிந்து நோட் ஒருமுறை எழுந்து நிற்கும்வரை ஸ்டூலிலிருந்து அசைக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்தோம். பிசிறில்லாமல் ஓடியது.

இடம் மாறவில்லை, ஆனால் வழி மாறிவிட்டது

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாடிக்குக் கொண்டுபோய் அதே ஜன்னல் திண்டில் வைத்தால் வருகிறது, போகிறது. இப்போது லைட் திரும்பத் திரும்ப முதல் வரிசைக்குப் போகவில்லை. நோட் உயிரோடுதான் இருக்கிறது, மெயினோடு தொடர்பு மட்டும் அறுந்து அறுந்து ஒட்டுகிறது. கோளாறின் குணமே மாறிவிட்டது, ஆகவே இது பவர் இல்லை, சிக்னல்.

"இடத்த மாத்தவே இல்லையே தம்பி," என்றார் மதினி. "இத்தன நாளா இங்கனதானே இருந்துச்சு." அவர் சொன்னது உண்மை. மெயினும் அதே இடம், நோட்டும் அதே இடம், நடுவில் சுவர் எதுவும் புதிதாக எழுப்பவில்லை. போனில் வைஃபை சிக்னலை அளக்கிற ஒரு ஆப்பைத் திறந்து, நோட் இருந்த இடத்திலேயே போனை வைத்து, கீழே இருக்கிற மெயின் யூனிட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். மைனஸ் 81 டிபிஎம். இந்த எண் பூஜ்யத்தை நோக்கிப் போகப் போக நல்லது. மைனஸ் 65 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் நோட் நிம்மதியாக ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் இப்படித்தான் அறுந்து ஒட்டும். போனின் ஆன்டெனா நோட்டில் இருப்பதைவிடச் சின்னது, அதனால் நோட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கலாம். அதற்காக 81 நல்ல எண் ஆகிவிடாது.

பழைய நாளில் இந்த ஜன்னலுக்கு சிக்னல் எப்படி வந்தது என்று யோசித்தேன். அந்த ஒன்றரை அடிச் சுவர்களையும் கான்கிரீட்டையும் துளைத்துக்கொண்டு வந்திருக்க வழியில்லை. பட்டாசாலைக் கதவு வழியாக முற்றத்துக்கு வந்து, திறந்தவெளியில் மேலேறி, இந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கவேண்டும். முற்றத்துக்கு மேலே குரங்குக்காகப் போட்ட இரும்புக் கம்பி கண்ணில் பட்டது. அது ரொம்ப நாளாக இருப்பது, வழியில் குறுக்கே நிற்பதும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஜன்னலைக் கவனித்தேன். கொசுவலை புதிதாக இருந்தது. விரலால் தட்டினேன், சிணுங்கியது. ஸ்டீல். "பெயிண்ட் வேலையோட சேத்துப் போட்டது," என்றார் மதினி. "முன்னாடி நைலான் வலை. எலி கடிச்சு ஓட்ட போட்டுருச்சு, அதான் இத மாத்துனோம்."

ஜன்னலைத் திறந்து வலைச் சட்டத்தை வெளிப்பக்கம் தள்ளிவிட்டு, போனை அதே இடத்தில் வைத்தோம். மைனஸ் 64. மூடினால் மறுபடி 80 பக்கம். திறந்து மூடி, திறந்து மூடி, பையன் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டான். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் ஒரு சாண் அளவு இடைவெளி இருந்தால் அலை புகுந்து வந்துவிடும். கொசுவலையின் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், அது உலோகத்தாலும் ஆனது என்றால் அலைக்கு அது ஏறக்குறைய ஒரு தகரக் கதவுதான். கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, காற்று வருகிறது, அதனால் அங்கே ஒரு தடுப்பு இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றாது. நைலான் வலை இதில் எதுவும் செய்யாது.

ஸ்டீல் வலையை எடுக்க மதினி சம்மதிக்கவில்லை, அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. கொசுவும் எலியும் அவருக்குத்தான் தெரியும். அதனால் நோட்டை நகர்த்தினோம். மாடிப்படி பாதியில் திரும்புகிற இடத்தில் ஒரு மாடக்குழி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முற்றமும் பட்டாசாலைக் கதவும் நேராகத் தெரியும், நடுவில் வலை இல்லை, மழைச் சாரலும் எட்டாது. போனை வைத்துப் பார்த்தால் மைனஸ் 58. பையனுக்கு இது பிடிக்கவில்லை: "எனக்கு மேலதானே சித்தப்பா வேணும், பாதி வழில வச்சு என்ன பிரயோசனம்?" நோட்டை நெட் வேண்டிய இடத்தில் வைக்கக்கூடாது, நெட் இன்னும் நன்றாக வருகிற கடைசி இடத்தில் வைக்கவேண்டும். அது தனக்கு வாங்கியதைத்தான் மேலே அனுப்ப முடியும். படியிலிருந்து அவன் அறைக்கு நடுவில் இருப்பது ஒரு மரக்கதவுதான், அதை வைஃபை சுலபமாகத் தாண்டும். இப்படி ஒரு மாடக்குழி கிடைக்காத வீட்டில் முற்றத்து ஓரமாக பைப்புக்குள் லேன் கேபிள் இழுத்து நோட்டில் சொருகிவிடுவது நல்லது. 100 மீட்டர் வரை இழுக்கலாம், வலையோ சுவரோ அதற்குப் பொருட்டில்லை.

மாடக்குழி பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஒன்று இழுத்துக் கொடுத்தார், இன்வெர்ட்டர் லைனிலிருந்து கேட்டு வாங்கினேன். பட்டாசாலையில் மெயின் யூனிட்டும் ஃபைபர் பெட்டியும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன, மாடி அறை பிளக் மட்டும் நேர் லைனில் இருந்தது. கரண்ட் போனால் கீழே நெட் இருக்கும், மேலே நோட் செத்திருக்கும் என்ற நிலைமை பெயிண்ட் அடிப்பதற்கு முன்பிருந்தே அங்கே உண்டு, யாரும் கேட்டதில்லை. அடாப்டர்களின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, எது எந்தப் பெட்டிக்கு என்று பையனை விட்டே எழுதவைத்தேன்.

இப்போது ஆப்பில் நோட் ஆன்லைன்தான். ஆனால் முதல் நாள் சாயங்காலமே போன் வந்தது, மாடியில் லேப்டாப் வேகமாக இருக்கிறது, போன் மட்டும் இழுக்கிறது என்று. கீழேயிருந்து பேசிக்கொண்டே படியேறிப் போயிருக்கிறான். போன் மெயின் யூனிட்டின் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டது. வைஃபையை ஒருதடவை அணைத்துப் போடச் சொன்னேன், நோட்டுக்கு மாறிக்கொண்டது.